வெட்டிய படத்தின் வாலில் ஒட்டிய மிச்சம்

பணம் அனுப்பிவிட்டோம் என்று காட்ட ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறோம். கணக்கு எண்ணும் இருப்புத் தொகையும் தெரிகிற பகுதியை வெட்டிவிட்டு, வேண்டிய துண்டை மட்டும் அனுப்புகிறோம். அப்படி வெட்டிய பகுதி சில ஃபைல்களில் வெட்டப்படாமலே இருந்ததை 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் வெளியிட்டார்கள். கூகுள் பிக்சல் ஃபோன்களில் இருந்த மார்க்அப் என்ற திருத்தும் கருவியில்தான் கோளாறு. சில நாட்களிலேயே விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும், விண்டோஸ் 10-இன் ஸ்னிப் அண்ட் ஸ்கெட்ச்சிலும் இதே குறை தெரியவந்தது.

நடந்தது இதுதான். கருவி புதிய படத்தைப் பழைய ஃபைலின் மேலேயே எழுதியது. ஆனால் புதிய படம் முடிந்த இடத்தோடு ஃபைலை நறுக்கிவிடவில்லை. ஒரு மணி நேர கேசட்டின் மேல் பத்து நிமிடப் பாட்டைப் பதிந்தால் மிச்சத்தில் பழைய பாட்டு அப்படியே இருக்குமே, அதே கதை. பிஎன்ஜி படத்தை எந்த ஆப் திறந்தாலும் IEND என்ற முடிவுக் குறியைக் கண்டதும் நின்றுவிடும். அதற்குப் பின்னால் கிடப்பது திரையில் வராது, ஃபைலில் மட்டும் கூடவே போகும்.

ஓர் உதாரணக் கணக்கு: 900 கேபி ஸ்க்ரீன்ஷாட்டை வெட்டியபின் படம் 150 கேபி ஆகிறது. பழைய ஃபைலின் முதல் 150 கேபி அழிந்தது. 750 கேபி வாலாக நிற்கிறது. படம் மேலிருந்து கீழாகச் சேமிக்கப்படுவதால், திரையின் மேல்பகுதி போய்விடும், கீழ்ப்பகுதியைத்தான் மீட்க முடியும். கார்டு எண் கீழே இருந்திருந்தால் அது வம்பு.

கண்டுபிடிக்க எளிய வழி ஃபைலின் அளவு. பாதிக்குமேல் வெட்டியும் கேபி கொஞ்சமும் குறையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் உறுதி செய்துகொள்ளலாம்:

```
file padam.png
grep -abo IEND padam.png
```

முதல் வரி, ஃபைல் உண்மையிலேயே பிஎன்ஜிதானா என்று சொல்லும். பெயரில் .png என்று போட்டுவிட்டு உள்ளே ஜேபெக் இருப்பது சகஜம். அப்படியானால் அடுத்த வரியால் பயனில்லை. முதல் வரி ஃபைலின் தலையை மட்டும் பார்ப்பதால், வாலைப் பற்றி வாயே திறக்காது. இரண்டாவது வரி நம் உதாரணப் படத்துக்கு இப்படிக் காட்டும்:

```
153592:IEND
921592:IEND
```

நல்ல படத்தில் ஒரே ஒரு IEND இருக்கும். இங்கே இரண்டு. கடைசிச் சில பைட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒழுங்காக முடிகிறது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த முடிவு பழைய படத்தின் முடிவு.

வால் இருப்பதெல்லாம் கோளாறோ சதியோ அல்ல. மோஷன் ஃபோட்டோ எடுக்கும் ஃபோன்கள் ஜேபெக் படத்தின் பின்னால் சில நொடி வீடியோவை வேண்டுமென்றே ஒட்டிவைக்கின்றன. பக்கத்தில் நின்றவர் பேசியதும் அதில் பதிந்திருக்கலாம்!

அப்டேட் வந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. அது புதிதாக வெட்டும் படங்களுக்குத்தான். முன்பே வெட்டி அனுப்பியவை அனுப்பியபடியே கிடக்கின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால், அது மறுபடி சுருக்கி அனுப்புவதால் வால் உதிர்ந்திருக்கும். ‘டாக்குமென்ட்’ ஆகவோ மெயிலிலோ அனுப்பியிருந்தால் முழுதாகப் போயிருக்கும். அப்டேட்டுக்கு முன்பு பிக்சலிலோ விண்டோஸிலோ வெட்டிய படங்கள் பொது இடத்தில் இருந்தால் நீக்குங்கள். மறுபடி தேவைப்பட்டால், பெயின்டில் திறந்து ஜேபெக்காக வேறு பெயரில் சேமித்து அனுப்புங்கள். வால் கூட வராது.

கார்டு எண் வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால் படத்தை ஆராய்ந்துகொண்டு உட்காராமல் முதலில் கார்டை முடக்குங்கள். 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கியிடம் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. சொல்லும்வரை போனது நம்முடையது. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். அடுத்தவருடைய பாஸ்வேர்டையோ அடையாள விவரத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்கீழ் மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. புகாருக்குத் தேவைப்படும் என்பதால், அனுப்பிய அந்த மூல ஃபைலைத் திறந்து மறுபடி சேமிக்காமல் அப்படியே வைத்திருங்கள். வாலோடு இருக்கும் அதுதான் சான்று. பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள்.