பேட்ஜில் இருப்பது பெயரா, எண்ணா?

தொழிற்கண்காட்சிக்குப் போகிறவர்கள் வாசலில் பேட்ஜை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் ஒரு சின்னச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பேட்ஜில் அச்சாகியிருக்கும் க்யூஆர் கோடைத் தங்கள் செல்பேசியின் கேமராவில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெயர், செல்பேசி எண், மின்னஞ்சல், நிறுவனம் எல்லாம் திரையில் வந்து, ‘தொடர்புகளில் சேர்க்கவா?’ என்று செல்பேசி கேட்கிறதா? அப்படியானால் அந்த அரங்கில் உலவும் யாரும் அந்த விவரங்களை எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மாறாக, அர்த்தம் புரியாத பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் மட்டும் வந்தால், பேட்ஜைத் தயாரித்தவர் கொஞ்சம் யோசித்திருக்கிறார் என்று நம்பலாம்.

கோவை கொடிசியா வளாகத்திலும் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கண்காட்சி பார்த்துப் பழகியவர்களுக்கு ஸ்டால்காரர்களின் கவலை தெரியும். வாடகை கொடுத்து, இயந்திரத்தை லாரியில் கொண்டுவந்து இறக்கி, மூன்று நான்கு நாள் நின்றுகொண்டே பேசியதற்குக் கையில் மிஞ்சுவது ‘என்கொயரி’ பட்டியல்தான். யார் வந்தார், எதைக் கேட்டார், எப்போது வாங்குவார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். முன்பு விசிட்டிங் கார்டுகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போடச் சொல்வார்கள். இப்போது ஸ்டாலில் நிற்கும் பையன் செல்பேசியை நீட்டி, “சார், பேட்ஜைக் கொஞ்சம் காட்டுங்க” என்கிறான். ஒரு பீப் சத்தம், வேலை முடிந்தது. கார்டை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யும்போது எண்ணில் ஓர் இலக்கம் பிசகும் தொல்லையும் இல்லை.

அந்த பீப் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. க்யூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக உருவானது. அது ரகசியம் காக்கும் பெட்டி இல்லை. எழுதிவைத்ததைப் படிக்கும் எவருக்கும் அப்படியே காட்டிவிடும். அதில் விவரங்களை எழுதும் எளிய வழி, விகார்டு என்ற தொடர்பு அட்டை வடிவம். ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
BEGIN:VCARD
VERSION:3.0
N:பெயர்;;;;
FN:பெயர்
ORG:நிறுவனம்
TEL:செல்பேசி எண்
EMAIL:மின்னஞ்சல்
END:VCARD
```

அமைப்பாளர்கள் இதை விரும்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. தனிச் செயலி வேண்டாம், சர்வர் வேண்டாம், ஆயிரக்கணக்கானோர் கூடி இணையம் திணறும் அரங்கிலும் வேலை செய்யும். ஆனால் இந்த வடிவத்தில் சம்மதம் கேட்க இடமே கிடையாது. பார்வையாளர் பதிவுப் படிவத்தில் ‘பகிர வேண்டாம்’ என்று குறித்திருந்தாலும், பேட்ஜ் அச்சானதும் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை. டீக்கடை வரிசையில் பின்னால் நிற்பவர்கூடப் படித்துக்கொள்ளலாம். யார் படித்தார் என்பதற்குப் பதிவும் இருக்காது.

சரியான ஏற்பாட்டில் பேட்ஜ் ஓர் எண்ணை மட்டுமே சுமக்கிறது. `K7RWX3MPA9` என்பதுபோல ஒன்று. பெயரும் செல்பேசி எண்ணும் அமைப்பாளரின் சர்வரில் இருக்கும். ஸ்டால்காரரின் செயலி ஸ்கேன் செய்ததும், இந்தக் குறியீட்டையும் தான் எந்த ஸ்டால் என்பதையும் சர்வருக்கு அனுப்புகிறது. இந்தப் பார்வையாளர் சம்மதித்திருக்கிறாரா, எந்தெந்த விவரங்களுக்குச் சம்மதித்தார் என்று சர்வர் பார்க்கிறது. அனுமதித்ததை மட்டும் திருப்பி அனுப்புகிறது. முடிவு எடுக்கும் இடம் பேட்ஜிலிருந்து சர்வருக்கு மாறிவிடுகிறது.

அந்த எண் வரிசை எண்ணாக இருக்கக்கூடாது. 1041, 1042 என்று போட்டால் ஒரு ஸ்டால்காரர் உட்கார்ந்த இடத்திலேயே எண்களை மாற்றி மாற்றி அடித்து, தன் ஸ்டால் பக்கமே வராதவர்களின் விவரங்களையும் கேட்டுப் பார்க்க முடியும். 32 எழுத்து, இலக்கங்களிலிருந்து குலுக்கி எடுத்த பத்து எழுத்துக் குறியீடு என்றால், சாத்தியங்கள் 11 கோடி கோடிக்கு மேல். எட்டாயிரம் பேர் வரும் கண்காட்சியில் ஊகித்து ஒன்றைப் பிடிப்பது நடக்காத காரியம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் உருவாகும் பிரிடிக்ஸ் என்ற திறந்தமூல டிக்கெட் மென்பொருள், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இரண்டு குறியீடுகளை வைத்திருக்கிறது. ஒன்று வாசலில் நுழைவதற்கான ரகசியக் குறியீடு. மற்றது `pseudonymization_id` என்ற பெயரில் இருக்கும் தற்செயல் எண், ஸ்டால்களில் ஸ்கேன் செய்வதற்கானது. ஏன் இரண்டு? நுழைவுக் குறியீட்டையே பேட்ஜில் போட்டால், கழுத்தில் பேட்ஜோடு செல்ஃபி எடுத்துப் போட்டவரின் படத்திலிருந்தே இன்னொருவர் டிக்கெட்டை நகலெடுத்துவிடலாம்.

ஓர் உதாரணத்தோடு பார்த்தால் விளங்கும். பொள்ளாச்சியில் பாசனக் கருவிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர், போர்வெல் பம்ப் பார்க்கக் கோவைக்கு ஒரு கண்காட்சிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் பதிவு செய்யும்போது பெயர், கடைப் பெயர், ஊர், மின்னஞ்சல், செல்பேசி எண் என ஐந்து விவரங்களைத் தருகிறார். அவை நுழைவுக்கு. அதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி: ‘ஸ்டாலில் உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்தால், அந்த நிறுவனத்துக்கு எந்த விவரங்களைத் தரலாம்?’ பெட்டிகள் எல்லாம் காலியாக இருக்கின்றன. அவர் பெயர், கடைப் பெயர், மின்னஞ்சல் மூன்றுக்கும் டிக் போடுகிறார். செல்பேசி எண்ணை விட்டுவிடுகிறார். கடையில் வியாபார நேரத்தில் அழைப்பு வந்தால் அவருக்குப் பிடிக்காது.

கண்காட்சியில் ஒரு பம்ப் ஸ்டாலில் அவர் விலைப்பட்டியல் கேட்கிறார். ஸ்டாலில் இருப்பவர் ஸ்கேன் செய்ததும் மூன்று விவரங்கள் வருகின்றன. எண் இருக்க வேண்டிய இடம் காலி. கீழே ‘5 எச்.பி. நீர்மூழ்கி, அடுத்த மாதம்’ என்று அவர் குறிப்பு எழுதிக்கொள்கிறார். பம்பைப் பார்த்துப் பிடித்துப்போன கடைக்காரர், தானே தன் எண்ணைச் சொன்னாலும் சொல்லலாம். அது அவர் விருப்பம். இரண்டு ஸ்டால் தள்ளி, சோலார் பேனல் விற்பவர் ஒருவர், பேச்சு எதுவும் இல்லாமலே, கடந்து போகும்போது எட்டி ஸ்கேன் செய்கிறார். பதிவின்போது போட்ட டிக், அந்த ஸ்கேனுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

பதிவுநேரச் சம்மதத்தில் உள்ள ஓட்டை இதுதான். இதை அடைக்க ஸ்டாலிலேயே இன்னொரு முறை கேட்கலாம். ஆனால் கேள்வி ஸ்டால்காரரின் டேப்லெட்டில் வந்தால், ‘சரி’ பொத்தானை அவரே தட்டிவிடக்கூடும். அதனால் பார்வையாளரின் சொந்தச் செல்பேசிக்குச் செய்தி போவது நல்லது: ‘இன்ன நிறுவனம் உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்தது, விவரம் தரலாமா?’ ஒவ்வொரு முறையும் கேட்டால் சலித்துப் போகும் என்பவர்கள், யார் யார் ஸ்கேன் செய்தார்கள் என்ற பட்டியலையாவது பார்வையாளருக்குக் காட்டி, பக்கத்திலேயே ‘நீக்கு’ பொத்தானை வைக்கலாம். பொள்ளாச்சிக்காரர் அன்றிரவு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் சோலார் நிறுவனத்தின் பெயர் கண்ணில் படும். அப்படித் தெரியவரும் என்று அறிந்தாலே ஓடிப்பிடித்து ஸ்கேன் செய்வது குறையும்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நிற்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் பற்றியவை உட்பட முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டும். சம்மதம் கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, தெளிவான செயல் மூலம் தரப்பட வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும். தமிழும் அதில் உண்டு. ஆகவே பொள்ளாச்சிக்காரர் தமிழில் கேட்டால் தமிழில் காட்ட வேண்டும். சம்மதம் பெற்றோமா என்ற வழக்கு எழுந்தால், பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பு தரவை வைத்திருப்பவருடையது.

முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி பற்றி ஐரோப்பாவில் தெளிவான தீர்ப்பே இருக்கிறது. ஜெர்மனியில் பிளானட்49 என்ற நிறுவனம் நடத்திய இணையக் குலுக்கல் தொடர்பான வழக்கில், ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட பெட்டியை எடுக்காமல் விட்டுவிடுவது சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று சொன்னது. வழக்கு குக்கீகளைப் பற்றியது. ஆனால் கண்காட்சிப் பதிவுப் படிவத்தின் அடியில், பொடி எழுத்தில், டிக்கோடு நிற்கும் பெட்டிக்கும் அந்த வாதம் அப்படியே பொருந்தும்.

விசிட்டிங் கார்டை நீட்டுவதும் பேட்ஜைக் காட்டுவதும் ஒன்றுதானே என்று ஸ்டால்காரர்கள் கேட்பதுண்டு. ஒன்றல்ல. கார்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்று கொடுப்பவருக்குத் தெரியும். யாரிடம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதும் தெரியும். பேட்ஜின் கோடுக்குப் பின்னால் வீட்டு முகவரி இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

நடைமுறையில் இடறுவது இணையத் தொடர்பில். அரங்கில் சிக்னல் போனால், எண் மட்டும் உள்ள பேட்ஜிலிருந்து பெயர் வராது. நல்ல செயலிகள் குறியீட்டையும் நேரத்தையும் குறிப்பையும் செல்பேசியிலேயே சேமித்து, தொடர்பு கிடைத்ததும் சர்வரிடம் கேட்கும். இடைப்பட்ட நேரத்தில் பார்வையாளர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றிருந்தால்? விவரம் போகும் கணத்தில் என்ன நிலையோ அதையே சர்வர் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த நேரத்து நிலையை அல்ல. இதைத் தவிர்க்கச் சில ஏற்பாட்டாளர்கள் எல்லாப் பார்வையாளர்களின் பட்டியலையும் ஒவ்வொரு ஸ்டால் செல்பேசியிலும் முன்கூட்டியே இறக்கிவைக்கச் சொல்வார்கள். அது விகார்டைவிட மோசம். ஒரு செல்பேசி தொலைந்தால் எட்டாயிரம் பேரின் விவரமும் போய்விடும்.

கடைசிக் கட்டம் எக்செல் கோப்பு. கண்காட்சி முடிந்ததும் ஸ்டால்காரர் தன் என்கொயரிகளைத் தரவிறக்கி, விற்பனையாளர் நால்வருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகு பொள்ளாச்சிக்காரர் ‘நீக்கு’ என்று தட்டினால் சர்வரில் மட்டும்தான் நீங்கும். ஆகவே அமைப்பாளர்–ஸ்டால் ஒப்பந்தத்திலேயே இது எழுதப்பட வேண்டும்: யாராவது விலகினால் அவர் பெயர் அன்றாடம் ஸ்டாலுக்கு அறிவிக்கப்படும், ஸ்டால் தன் எல்லா நகல்களிலிருந்தும் குறிப்பிட்ட நாட்களுக்குள் அதை எடுக்கும், வேறு நிறுவனத்துக்கு விற்காது. ‘5 எச்.பி. நீர்மூழ்கி, அடுத்த மாதம்’ என்ற குறிப்பும், அதன் கீழே விற்பனையாளர் தன் வசதிக்காக எழுதிய ‘பேரம் பேசுவார், கடன் கேட்பார்’ என்பதும் அந்த மனிதரைப் பற்றிய தரவுதான். நீக்கும்போது அந்த வரிகளும் சேர்ந்தே போக வேண்டும்.