பக்கத்து மேசைக்குக் கேட்கும் கீபோர்டு

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண அலுவலகக் கீபோர்டில் எல்லா விசைகளையும் தாங்குவது ஒரே ரப்பர் விரிப்புதான். அதனால் அதில் அழுத்தம் மெத்தென்று இருக்கும், சத்தமும் அமுங்கியே வரும். மெக்கானிக்கல் சுவிட்ச்சில் ரப்பர் கிடையாது. நடுவே மேலும் கீழும் போய்வரும் ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதைத் தூக்கி நிறுத்தும் ஒரு ஸ்பிரிங், பக்கவாட்டில் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகடு, இவற்றை மூடிய மேல்கூடு, கீழ்க்கூடு. உள்ளே இருப்பது இவ்வளவுதான். விரல் உணர்வதும் காது கேட்பதும் இந்தச் சில பாகங்களின் உரசலும் மோதலுமே.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகைச் சுவிட்ச்தான் இன்றைக்கும் அளவுகோல். அதன் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் நூற்றுக்கணக்கான வகைகளைச் செய்கின்றன. தண்டின் நிறத்தைச் சொல்லிச் சுவிட்ச்சை அடையாளம் காட்டும் வழக்கமும் செர்ரியிடமிருந்து வந்ததுதான். ரெட் என்றால் லீனியர், பிரவுன் என்றால் டாக்டைல், ப்ளூ என்றால் கிளிக்கி என்று பொதுவாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மற்ற நிறங்களுக்கு இந்த ஒழுங்கு எல்லா நிறுவனங்களிலும் செல்லாது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

மூன்றிலும் தண்டு கீழே இறங்கும் மொத்தத் தூரம் சுமார் 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய பாதி வழியில், அதாவது 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே, எழுத்து பதிவாகிவிடும். மீதி 2 மில்லிமீட்டர் எழுத்துக்குத் தேவையே இல்லாத தூரம். ஆனாலும் பெரும்பாலானோர் விசையை அடிவரை அழுத்தித்தான் தட்டுகிறார்கள். அலுவலகச் சத்தத்தின் கதை பெரும்பாலும் அந்தத் தேவையில்லாத 2 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

லீனியர் சுவிட்ச்சின் தண்டில் பக்கச் சரிவு வழவழப்பாக இருக்கும். அழுத்த அழுத்த ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஒரே சீராகக் கூடும். நடுவில் தடங்கல் எதுவும் விரலுக்குத் தட்டுப்படாது. செர்ரி எம்எக்ஸ் ரெட்டில் எழுத்து பதிவாகத் தேவைப்படும் விசை 45 சென்டிநியூட்டன், அதாவது சுமார் 46 கிராம் எடையை விரல்நுனியில் வைத்தது போல. பழைய எம்எக்ஸ் பிளாக்கில் இது 60. எழுத்து எந்த இடத்தில் பதிவாகிறது என்று விரலுக்குச் சொல்ல எதுவும் இல்லாததால், லீனியரில் புதிதாகத் தட்டுபவர் பதிவானதா என்ற சந்தேகத்தில் அடிவரை குத்துவார். லீனியர் என்றால் அமைதியானது என்று கடைகளில் சொல்வது அரை உண்மை. அதில் கிளிக் இல்லை, அவ்வளவுதான்.

டாக்டைல் சுவிட்ச்சில் தண்டின் பக்கத்தில் ஒரு சிறு மேடு இருக்கும். தண்டு இறங்கும்போது அந்த மேடு உலோகத் தகட்டை உரசித் தாண்ட வேண்டும். தாண்டும் வரை எதிர்ப்பு கூடி, தாண்டியதும் சட்டென்று குறையும். வேகத்தடையைக் கடந்த வண்டி இறங்குவது போன்ற அந்தச் சிறு இறக்கத்தை விரல் உணரும். எம்எக்ஸ் பிரவுனில் மேட்டைத் தாண்ட சுமார் 55 சென்டிநியூட்டன் வேண்டும். மேடு மிகச் சிறியது என்பதால் சிலருக்கு அது உரசல் போலத்தான் தெரியும். மேட்டைத் தாண்டியதுமே விரலை எடுத்துவிடப் பழகியவருக்கு டாக்டைல் ஒரு நல்ல வாய்ப்பு. அடிவரை போகாமலேயே தட்ட முடியும். அப்படிப் பழகாதவரின் கையில் பிரவுனும் ரெட்டும் எழுப்பும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

கிளிக்கி வேறு ஜாதி. எம்எக்ஸ் ப்ளூவில் தண்டு ஒற்றைத் துண்டல்ல. நீலத் தண்டைச் சுற்றி வெள்ளை நிறத்தில் தளர்வாக ஒரு துண்டு மாட்டியிருக்கும். தண்டு இறங்கும்போது அந்த வெள்ளைத் துண்டு தகட்டில் மாட்டிக்கொண்டு சற்றே பின்தங்கும். எதிர்ப்பு 60 சென்டிநியூட்டன் அளவுக்கு ஏறியதும் பிடி விட்டு, கீழே துள்ளி பிளாஸ்டிக்கில் மோதும். கேட்கும் ‘கிளிக்’ அதுதான். கைல் நிறுவனத்தின் பாக்ஸ் ஒயிட் வகையில் இந்த வேலையை ஒரு மெல்லிய கம்பி செய்கிறது. அதில் விசை இறங்கும்போதும் ஏறும்போதும் கிளிக் கேட்கும்.

இந்தக் கிளிக் எழுத்து பதிவாகும் அதே இடத்தில் பிறக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. எழுத்து வேண்டுமென்றால் கிளிக்கையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் அது குறையாது, ஏனென்றால் துண்டைத் துள்ள வைப்பது விரலின் வேகமல்ல, உள்ளே தேங்கியிருந்த எதிர்ப்பு. மேலும் அது கூர்மையான, உயர்ந்த சுருதியில் வரும் ஓசை. ஏர்கண்டிஷனரின் ஒரே சீரான இரைச்சலைக் காது சில நிமிடத்தில் மறந்துவிடும். விட்டு விட்டு, ஒழுங்கில்லாத இடைவெளியில் வரும் கிளிக்கைப் பக்கத்து மேசைக்காரரின் காது அப்படி விட்டுவிடாது.

சத்தத்தைப் பிரித்துக் கேட்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு விசையை மிக மெதுவாக, அடியைத் தொடாமல் பாதிவரை மட்டும் அழுத்த வேண்டும். ப்ளூவில் இங்கேயே கிளிக் கேட்கும். ரெட்டிலும் பிரவுனிலும் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. அடுத்து, வழக்கமான வேகத்தில் அடிவரை தட்டி விரலை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கேட்பது தண்டு கீழ்க்கூட்டில் மோதும் ‘டொக்’. கடைசியாக, அழுத்திய விரலைப் பக்கவாட்டில் நழுவ விட வேண்டும். ஸ்பிரிங் தண்டை மேலே எறியும், அது மேல்கூட்டில் மோதும். இந்த மூன்றாவது சத்தத்தைப் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். பல கீபோர்டுகளில் அது அடி மோதலுக்குக் கொஞ்சமும் குறையாது.

இந்தச் சோதனை செய்தவருக்கு ஓ-ரிங் ஏன் பாதி வேலைதான் செய்கிறது என்பது புரிந்துவிடும். கீகேப்பின் அடியில் மாட்டும் அந்தச் சிறு ரப்பர் வளையம் கீழ் மோதலை மட்டும் தணிக்கும். மேல் மோதல் அப்படியே இருக்கும், கிளிக்கும் அப்படியே இருக்கும். கிளிக்கிக் கீபோர்டுக்கு ஓ-ரிங் வாங்குவது வீண் செலவு. விசை இறங்கும் தூரமும் வளையத்தின் தடிமன் அளவு குறைந்து, அழுத்தம் சற்றே சவசவவென்று ஆகும்.

சைலண்ட் சுவிட்ச்கள் இரண்டு மோதலையும் உள்ளேயே தணிப்பவை. தண்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மென்மையான ரப்பர் போன்ற பொருள் ஒட்டியிருக்கும். செர்ரி எம்எக்ஸ் சைலண்ட் ரெட்டில் அந்த மெத்தை இடம் பிடிப்பதால் மொத்தத் தூரம் 3.7 மில்லிமீட்டராகவும், எழுத்து பதிவாகும் இடம் 1.9 மில்லிமீட்டராகவும் இருக்கும். மேடும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்பவர்களுக்கு போபா யு4 போன்ற சைலண்ட் டாக்டைல்கள் இருக்கின்றன. சைலண்ட் கிளிக்கி என்று ஒன்று இருக்க முடியாது. சைலண்டுக்குக் கொடுக்கும் விலை விரலில்தான்: அடி தட்டும்போது கெட்டியான தரைக்குப் பதில் மெத்தை தட்டுப்படும். அந்த மெத்தென்ற முடிவு பிடிக்காதவர்கள் நிறையப் பேர். பகிர்ந்துகொள்ளும் அறையில் அந்தச் சிறு குறையைத் தட்டுபவர் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

நான்கு மேசைகள் நெருக்கமாகப் போட்ட ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் நாள் முழுக்க ப்ளூ சுவிட்ச் போட்ட 87 விசைக் கீபோர்டில் அறிக்கை தட்டுகிறார். அடுத்த மேசைக்காரர் வாடிக்கையாளர்களோடு போனில் பேசுபவர், மறுமுனையில் இருப்பவர் ‘அங்கே என்ன டிக் டிக் சத்தம்?’ என்று கேட்கிறார். மைக் வாய்க்கு அருகில்தான் இருக்கிறது, ஆனாலும் கிளிக்கின் கூர்மை அதில் விழுந்துவிடுகிறது. போதாததற்குப் பலகை மேசை கீழ் மோதலை வாங்கி ஒலிப்பெட்டி போல அதிர்கிறது.

முதலில் கீபோர்டின் அடியில் ஒரு தடித்த துணி விரிப்பு போட வேண்டும். மேசை அதிர்வு அதிலேயே கணிசமாக அடங்கும். பிறகு சுவிட்ச்களை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஹாட்ஸ்வாப் கீபோர்டாக இருந்தால் சுவிட்ச்கள் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும், சால்டரிங் தேவையில்லை. கீகேப்பை எடுத்துவிட்டு, சுவிட்ச்சின் மேலும் கீழும் உள்ள இரண்டு கொக்கிகளைப் புல்லரால் அழுத்திப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். புதியதைச் செருகும் முன் அதன் இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். வளைந்த காலோடு செருகினால் அது மடங்கிவிடும், அந்த எழுத்து விழாது. மாற்றிய பின் ஏதாவது விசை வேலை செய்யவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கழற்றி, டுவீசரால் நிமிர்த்திச் செருகினால் சரியாகிவிடும். சில சுவிட்ச்களில் கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். கீபோர்டில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் அந்த இரண்டையும் நறுக்கிவிடலாம்.

87 சுவிட்ச்சையும் மாற்றிய பிறகும் ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட் மட்டும் கடகடவென்று கேட்டால் குற்றம் சுவிட்ச்சில் இல்லை. நீளமான விசைகள் ஒரு பக்கம் சாயாமலிருக்க அவற்றின் அடியில் ஸ்டெபிலைசர் என்ற கம்பி இருக்கும். அது பிளாஸ்டிக்கில் தளர்வாக ஆடும் சத்தம் அது. கம்பியின் இரு முனைகளிலும் கொஞ்சம் தடித்த கிரீஸ் தடவினால் நின்றுவிடும். வார்த்தைக்கு வார்த்தை தட்டப்படுவது ஸ்பேஸ்பார்தான் என்பதால், அறையில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு விசையின் அமைதியே பெரிய நிம்மதி.

கீபோர்டு ஹாட்ஸ்வாப் இல்லையென்றால் ஒவ்வொரு சுவிட்ச்சிலும் இரண்டு ஈயப் பற்று, 87 சுவிட்ச்சுக்கு 174. அத்தனையையும் உருக்கி எடுத்து மறுபடி ஒட்ட பொறுமையும் பழகிய கையும் வேண்டும், பலகை கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அந்த ப்ளூ கீபோர்டை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டு, அலுவலகத்துக்கு சைலண்ட் சுவிட்ச் போட்ட வேறொன்றை வாங்குவதே மேல்.