அதே ஆயிரத்தைந்நூறு திர்ஹாம்தான்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,



போனில் அம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை. கேம்ப்புக்குப் போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். "போன வருஷம் மே மாசம் பணம் குறைஞ்சுது, டிசம்பர்ல கூடுச்சு. சம்பளம் ஏறி இறங்குதா, இல்ல வேற யாருக்காவது அனுப்புறியா?" என்று கேட்டாய். இரண்டும் இல்லை அம்மா. மாதாமாதம் நான் எக்ஸ்சேஞ்சில் கட்டுவது அதே 1,500 திர்ஹாம்தான். 2025 பிப்ரவரியில் அது உங்கள் கணக்கில் 35,505 ரூபாயாக ஏறியது. மே மாதத்தில் 34,275. டிசம்பரில் 36,525. மூன்று ரசீதும் என்னிடம் இருக்கிறது.

திர்ஹாம் ஏறியது, இறங்கியது என்றுதான் இங்கே எல்லாரும் பேசுகிறோம். உண்மையில் திர்ஹாம் அசைவதே இல்லை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று 1997 முதல் ஒரே விலையில் அதை அமெரிக்க டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணெயை டாலரில் விற்கிற நாட்டுக்கு அதுதான் வசதி. ஆகவே அப்பா, நீங்கள் பேப்பரில் திர்ஹாம் விலையைத் தேட வேண்டாம். டாலர் எத்தனை ரூபாய் என்று பார்த்து அதை 3.6725-ஆல் வகுத்தால் போதும். டாலர் 84 ரூபாய் 50 காசு என்றால் திர்ஹாம் 23 ரூபாய். டாலர் 90 என்றால் திர்ஹாம் 24 ரூபாய் 50 காசு. அசைவது நம்ம ரூபாய்தான்.

(ஒரு காலத்தில் இந்தக் கணக்கே இங்கே தேவைப்படவில்லை. வளைகுடாவில் இந்திய ரூபாய்தான் ஓடியது. 1959-இல் நம் ரிசர்வ் வங்கி இந்தப் பக்கத்துக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பை ஒரேயடியாகக் குறைத்ததும் இவர்கள் அதை விட்டுவிட்டு வேறு நாணயத்துக்குப் போய்விட்டார்கள்.)

அந்த ரூபாய் ஏன் அசைகிறது? கமிட்டியில் நிலக்கடலை ஏலம் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் அப்பா. வரத்து அதிகமானால் விலை இறங்கும், வாங்குகிற ஆள் அதிகமானால் ஏறும். டாலருக்கும் அதேதான். கச்சா எண்ணெய், தங்கம், சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறவர்களுக்கு டாலர் வேண்டும். துணியும் சாஃப்ட்வேரும் ஏற்றுமதி செய்கிறவர்களும், என்னைப்போல வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களும் டாலரைக் கொண்டுவருகிறோம். இவை தவிர, இந்தியப் பங்குச்சந்தையில் பணம் போடுகிற வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு மாதம் விலையை ஆட்டுவதில் அவர்கள் பங்கு பெரிது. வரும்போது டாலரை விற்று ரூபாய் வாங்குவார்கள், போகும்போது ரூபாயை விற்று டாலரை எடுத்துக்கொண்டு போவார்கள்.

2024 அக்டோபரிலிருந்து அவர்கள் பங்குகளை விற்றுக்கொண்டே இருந்தார்கள். பிப்ரவரியில் டாலர் 88 ரூபாயை நெருங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா ஏறக்குறைய எல்லா நாடுகள் மீதும் இறக்குமதி வரி அறிவித்ததும் உலகம் முழுக்க டாலரே பலவீனமானது. கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. வெளிநாட்டுப் பணம் மும்பைக்குத் திரும்பியது. மே முதல் வாரத்தில் டாலர் 84-ஐ ஒட்டி வந்துவிட்டது. உங்களுக்கு 1,230 ரூபாய் குறைந்தது இதனால்தான். பிறகு ஆகஸ்ட் கடைசியில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியது, வர்த்தக ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது, முதலீட்டாளர்கள் மறுபடி வெளியேறினார்கள். டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியது. ரிசர்வ் வங்கி தன் கையிருப்பு டாலரை விற்று வேகத்தைக் குறைக்கும். ஆனால் இந்த விலையில்தான் நிற்க வேண்டும் என்று அது கட்டிப்போடுவதில்லை.

இது சந்தை விலை. நமக்குக் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. டாலர் கணக்குப்படி திர்ஹாம் 23 ரூபாயாக இருந்த அன்று கடை எனக்குப் போட்டது 22 ரூபாய் 85 காசு. அந்தப் பதினைந்து காசு அவர்கள் லாபம். ரசீதில் அதற்கென்று ஒரு வரி இருக்காது, ரேட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதற்கு மேல் கட்டணம் 20 திர்ஹாம், கட்டணத்துக்கு வாட் ஒரு திர்ஹாம், ஆக 21. இது என் கையிலிருந்து தனியாகப் போவது.

என் ரூமில் ஒருத்தர் "கட்டணமே இல்லை" என்று போர்டு போட்ட கடைக்குத்தான் போவார். அன்றைக்கு அங்கே ரேட் 22 ரூபாய் 45 காசு. நான் 1,521 திர்ஹாம் கொடுத்து உங்களுக்கு 34,275 ரூபாய் அனுப்பினேன். அதே 1,521-ஐ அந்தக் கடையில் கொடுத்திருந்தால் 34,146 தான் வந்திருக்கும். 500 திர்ஹாம் மட்டும் அனுப்புகிறவருக்கு அந்தக் கடைதான் லாபம், ஏனென்றால் ரேட்டில் போகிற 200 ரூபாயைவிடக் கட்டணம் பெரிது. 5,000 அனுப்புகிறவருக்கு அங்கே 1,500 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஆகவே போர்டைப் பார்ப்பதில் பயனில்லை. கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது, ஊரில் எவ்வளவு ஏறுகிறது என்ற இரண்டை மட்டும் பார்க்க வேண்டும்.

அப்பா கேட்ட இன்னொன்று: "ரேட் ஏறும்வரை கையில் வைத்திருந்து அனுப்பக்கூடாதா?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் காத்திருந்து 30 காசு ஏறினால் 1,500 திர்ஹாமுக்குக் கூடுதலாக வருவது 450 ரூபாய். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கின கடனுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. 34,000 ரூபாயை ஒரு மாதம் தள்ளிக் கட்டினால் வட்டி மட்டும் 680. ரேட் ஏறினாலே நஷ்டம், இறங்கிவிட்டால் இரட்டை நஷ்டம். ஏறுமா இறங்குமா என்று இங்கே டீக்கடையில் ஆளாளுக்கு ஜோசியம் சொல்கிறார்கள். வங்கிக்காரர்களுக்கே அது தெரியாது. அந்தக் கடன் அடைகிற வரைக்கும் சம்பளம் ஏறின வாரமே அனுப்பிவிடுவேன்.

டிசம்பரில் கூடுதலாக வந்ததை நினைத்து ரொம்பச் சந்தோஷப்படவும் வேண்டாம். கடன் ரூபாயில் இருப்பதால் அதை அடைக்க ரூபாய் விழுவது நமக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாமாயிலும் தங்கமும் டாலர் கொடுத்து வாங்கி வருகிறவை. ரூபாய் விழுந்தால் அவற்றின் விலையில் அதுவும் சேரும். தங்கச்சிக்கு நகை எடுக்கிற நாளில் இந்தக் கூடுதலில் ஒரு பங்கு அங்கே திரும்பப் போய்விடும்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதக் கணக்கை 34,000 ரூபாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டோ வேறு கடனோ அதற்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். நான் அனுப்பின அன்றே ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். அதில் இருக்கிற ரூபாய்த் தொகையும் பேங்க் மெசேஜில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். அது ரேட்டால் குறைந்ததாக இருக்காது. நடுவில் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரசீது நம்பரை வைத்து நான் கடையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
துபாய்