கூட்டலுக்கு அடங்காத வோல்ட்டுகள்

மின்பொறியியல் ஆய்வகத்தில் மாணவர்கள் தொடக்கத்திலேயே செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு ரியோஸ்டாட்டையும் ஒரு சோக் காயிலையும் தொடரில் இணைத்து, 230 வோல்ட் ஏ.சி. சப்ளை கொடுப்பார்கள். ரியோஸ்டாட்டின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்தால் 120 காட்டும். காயிலின் முனைகளில் வைத்தால் 185. இரண்டையும் கூட்டினால் 305 வருகிறது. கொடுத்ததோ 230தான்!

மீட்டர் பழுது என்று வேறொரு மீட்டரை வாங்கி வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதுவும் அதே எண்களைத்தான் காட்டும். பேட்டரியில் இந்தச் சிக்கலே கிடையாது. 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு தடைகளைத் தொடரில் போட்டால், ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் 7 வோல்ட் என்று கணக்கு நேராகிவிடும். ஏ.சி.யில் மட்டும் 75 வோல்ட் எப்படிக் கூடுதலாக முளைக்கிறது?

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சைன் அலை. அதன் உச்சம் 325 வோல்ட். மீட்டர் காட்டும் 230 என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதாவது உச்சத்தை இரண்டின் வர்க்கமூலமான 1.414-ஆல் வகுத்தால் கிடைப்பது. ரியோஸ்டாட்டின் வோல்ட்டேஜும் காயிலின் வோல்ட்டேஜும் இப்படித்தான் ஏறி இறங்குகின்றன. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது ஏறத்தாழ சுழியில் இருக்கிறது. எந்த ஒரு கணத்தை எடுத்தாலும் அந்தக் கணத்து மதிப்புகள் இரண்டும் கூடி, சப்ளையின் அந்தக் கணத்து மதிப்புக்குச் சரியாகத்தான் இருக்கும். மீட்டர் அளவைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்வதில்லை. நேரத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் கூட்டியதால் வந்ததுதான் அந்த 305.

அளவையும் நேரத்தையும் ஒரே எண்ணுக்குள் அடக்க முடியுமா? முடியும். அந்த எண்ணுக்கு ஃபேசர் என்று பெயர். பிளஸ் டூ கணக்கில் வரும் கலப்பு எண்தான் அதன் உடல்.

இந்த வழியை மின்பொறியாளர்களிடம் பரப்பியவர்களில் முதன்மையானவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் 1865-ல் பிறந்தவர். சோஷலிச இயக்கத்தில் ஈடுபட்டதால் ஊரை விட்டு வெளியேற நேர்ந்து, 1889-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1893-ல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாட்டில், ஏ.சி. கணக்குகளுக்குக் கலப்பு எண்களைப் பயன்படுத்தும் முறையை விரிவாக முன்வைத்தார். அதே ஆண்டில் ஆர்தர் கென்னலியும் இம்பீடன்ஸைக் கலப்பு எண்ணாகக் கையாளும் கட்டுரை ஒன்றை அளித்திருந்தார். அதற்கு முன்பு இத்தகைய ஒரு சர்க்யூட்டைத் தீர்க்க வகைக்கெழுச் சமன்பாடுகளோடும் சைன், கொசைன் சூத்திரங்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பிறகு அது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற அளவுக்குச் சுருங்கியது.

பொருட்காட்சி ராட்சத ராட்டினத்தை நினைத்துக்கொண்டால் ஃபேசர் எளிதில் பிடிபடும். ராட்டினம் சீராகச் சுற்றும்போது ஒரு பெட்டியின் உயரம் சைன் அலையாக ஏறி இறங்குகிறது. எல்லாப் பெட்டிகளும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான கோணம் மாறுவதே இல்லை. ஆகவே சுற்றலை மறந்துவிட்டு, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அந்த போட்டோதான் ஃபேசர். எல்லாம் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது இதில் கட்டாயம். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஃபேசரையும் 60 ஹெர்ட்ஸ் அலையின் ஃபேசரையும் கூட்ட முடியாது.

இனி மாற்றும் வேலை. நம் சப்ளையை அலையாக எழுதினால் v = 325 sin(314t). இதில் 314 என்பது 2π-ஐ 50-ஆல் பெருக்கியது. அலை எந்த முன்னேற்றமும் பின்னடைவும் இல்லாமல் தொடங்குவதாக வைத்துக்கொண்டதால் கோணம் 0°. ஆக ஃபேசர்: 230∠0°. சைனும் போய்விட்டது, 314t-யும் போய்விட்டது. அதே அலை 325 sin(314t + 30°) என்று இருந்திருந்தால் 230∠30° ஆகியிருக்கும். கேள்வித்தாளில் ஒரு சப்ளையை சைனிலும் இன்னொன்றைக் கொசைனிலும் கொடுத்து மடக்குவது வழக்கம். கொசைன் அலை சைனைவிட 90° முன்னால் போவது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் சைனுக்கு மாற்றி, கொசைனாக வந்ததன் கோணத்தோடு 90°-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் கழித்தல் குறி இருந்தால் 180°.

அடுத்தது சர்க்யூட்டில் இருப்பவை. ரியோஸ்டாட் 260 ஓம். அதில் மின்னோட்டமும் வோல்ட்டேஜும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் அது வெறும் 260-ஆகவே நிற்கிறது. காயிலின் கதை வேறு. அதன் வோல்ட்டேஜ், மின்னோட்டம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. சைன் அலை மிக வேகமாக மாறுவது சுழியைக் கடக்கும்போதுதான். உச்சியிலோ அது ஒரு கணம் மாறாமல் நிற்கிறது. எனவே காயிலின் வோல்ட்டேஜ் மின்னோட்டத்தைவிடக் கால் சுற்று, அதாவது 90°, முன்னால் ஓடுகிறது.

ஒரு கலப்பு எண்ணை j-ஆல் பெருக்கினால் அது 90° திரும்பும். பள்ளியில் i என்று படித்ததுதான் இது. மின்னோட்டத்துக்கு i என்ற எழுத்து முன்பே போய்விட்டதால் மின்பொறியாளர்கள் j-ஐ எடுத்துக்கொண்டார்கள். நம் காயிலின் இண்டக்டன்ஸ் 1.27 ஹென்றி. அதை 314-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 400 ஓம் வரும். இதற்கு ரியாக்டன்ஸ் என்று பெயர். முன்னால் j சேர்த்து j400 என்று எழுத வேண்டும். காயிலைச் சுற்றிய செம்புக் கம்பிக்கும் 40 ஓம் தடை இருக்கிறது. எனவே காயிலின் இம்பீடன்ஸ் 40 + j400. ரியோஸ்டாட்டையும் சேர்த்தால் மொத்த இம்பீடன்ஸ் 300 + j400. இதன் அளவு 300, 400 பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம், 500 ஓம்.

ஓமின் விதி அப்படியே நிற்கிறது. மின்னோட்டம் என்பது வோல்ட்டேஜை இம்பீடன்ஸால் வகுத்தது, அதாவது 230-ஐ 300 + j400-ஆல் வகுப்பது. மேலும் கீழும் 300 − j400-ஆல் பெருக்கினால் கீழே j மறைந்து 2,50,000 ஆகிறது. விடை 0.276 − j0.368 ஆம்பியர். இதன் அளவு 0.46, கோணம் −53°. அலையாகத் திருப்பி எழுதினால் i = 0.65 sin(314t − 53°). ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிநொடி ஆவதால், 53° என்பது சுமார் 3 மில்லிநொடி. சப்ளை உச்சத்தைத் தொட்டு அவ்வளவு நேரம் கழித்துத்தான் மின்னோட்டம் உச்சத்துக்கு வருகிறது.

இப்போது அந்த 305-க்கு வரலாம். மின்னோட்டத்தை ரியோஸ்டாட்டின் 260-ஆல் பெருக்கினால் 71.76 − j95.68. காயிலின் 40 + j400-ஆல் பெருக்கினால் 158.24 + j95.68. முதலாவதன் அளவு 119.6, இரண்டாவதன் அளவு 184.9. மீட்டர் காட்டிய 120-உம் 185-உம் இவைதான். ஆனால் ஃபேசர்களாகவே கூட்டினால் j பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, 71.76-உம் 158.24-உம் சேர்ந்து 230-இல் வந்து நிற்கின்றன. ஒரு வோல்ட்கூட மிஞ்சவில்லை. கணக்கு சரிதானா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. கூட்டியபின் j பகுதி மிச்சமிருந்தால் எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வழுக்கல் உண்டு. காயில் என்றாலே 90° என்று மனப்பாடம் செய்தவர்கள், 120-இன் வர்க்கத்தையும் 185-இன் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுப்பார்கள். சுமார் 220 வரும். பத்து வோல்ட் காணாமல் போகும். மீட்டரின் பிழை என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் பத்து வோல்ட்டை விழுங்கியது செம்புக் கம்பியின் அந்த 40 ஓம்தான். தடையும் ரியாக்டன்ஸும் காயிலுக்குள்ளேயே பின்னிக் கிடப்பதால், அதன் வோல்ட்டேஜ் மின்னோட்டத்துக்கு 90° அல்ல, 84°தான் முன்னால் போகிறது. ரியாக்டன்ஸின் பங்கை மட்டும் தனியாக அளக்க மீட்டரின் முள்ளை வைக்க இடமே இல்லை.

இன்னொரு தவறைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் சர்க்யூட் எடுக்கும் வாட் கிடைக்கும். 0.46-ஐப் போட்டால் 63 வாட் வரும். உச்ச மதிப்பான 0.65-ஐப் போட்டுவிட்டால் 127 வரும். வாட்மீட்டர் காட்டுவதைப்போல் சரியாக இரு மடங்கு விடை வந்தால், ஆர்.எம்.எஸ்.ஸுக்கு மாற்ற மறந்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

முறைக்கு எல்லைகளும் உண்டு. சுவிட்சைப் போட்ட உடனே ஓடும் மின்னோட்டத்தை ஃபேசர் சொல்லாது. நம் சர்க்யூட்டில் அந்த ஆரம்பத் தடுமாற்றம் அடங்க 20 மில்லிநொடி, அதாவது ஏறத்தாழ ஒரு சுற்று ஆகும். அதன் பிறகுதான் மேலே போட்ட கணக்கு செல்லும். பழைய சோக் வைத்த டியூப் லைட்டிலும் இந்தக் கணக்கு ஓரளவுக்குத்தான் பொருந்தும். எரியும் டியூப் ஒரு சாதாரணத் தடையைப் போல நடந்துகொள்ளாமல் மின்னோட்டத்தின் அலையையே கோணலாக்கிவிடுகிறது.

அதே ஆய்வக மேசையில் தொடரில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்: ஒரு 8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. காயிலுக்கு நேர் எதிராக, மின்தேக்கியின் வோல்ட்டேஜ் மின்னோட்டத்துக்கு 90° பின்தங்கும். 50 ஹெர்ட்ஸில் அதன் இம்பீடன்ஸ் ஏறத்தாழ −j400. காயிலின் j400-உம் இதுவும் ஒன்றையொன்று அழித்துவிட, மிஞ்சுவது 300 ஓம் மட்டும். மின்னோட்டம் 0.46-இலிருந்து 0.77 ஆம்பியருக்கு ஏறுகிறது. வெறும் 230 வோல்ட் கொடுத்த சர்க்யூட்டில் காயிலின் முனைகளில் 308 வோல்ட்டும் மின்தேக்கியின் முனைகளில் 307 வோல்ட்டும் நிற்கும். வீட்டு சப்ளைதானே என்று 250 வோல்ட் ஏ.சி. மின்தேக்கியை இங்கே போட்டால் அது தாங்காது. 440 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டதைப் போட வேண்டும்.