பிஎஸ்5-க்கு இன்னொரு டிரைவ் வேண்டுமா?

முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் பெட்டியில் 825 ஜிபி என்று இருக்கும். கன்சோலின் சொந்த மென்பொருள் எடுத்துக்கொண்டது போக, நம் கைக்கு வருவது சுமார் 667 ஜிபி. புதிதாக வரும் பெரிய கேம்கள் 100 ஜிபியைச் சாதாரணமாகத் தொடுகின்றன. ஆக, ஆறு கேம்களில் இடம் தீர்ந்துவிடும்.

வீட்டில் பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் கிடந்தால் அதை மாட்டலாம். ஆனால் அதிலிருந்து பிஎஸ்4 கேம்களைத்தான் ஆட முடியும். பிஎஸ்5 கேம்களை அங்கே பத்திரமாக வைக்கலாம். ஆட வேண்டுமென்றால் உள்ளே மாற்றியாக வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால், 100 ஜிபி கேம் வந்து சேரக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதையே 50 எம்பிபிஎஸ் இணைப்பில் மறுபடி டவுன்லோடு செய்தால் நாலரை மணி நேரம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கேம் ஆடுபவருக்கு இந்த ஏற்பாடே போதும்.

மற்றவர்களுக்கு எம்.2 எஸ்எஸ்டி. அது பிசிஐஇ நான்காம் தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். சோனி பரிந்துரைக்கும் படிப்பு வேகம் நொடிக்கு 5,500 எம்பி. 7,000 என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. சூட்டைக் கடத்தும் ஹீட்சிங்க் கட்டாயம் வேண்டும். அதோடு சேர்த்து டிரைவின் மொத்த உயரம் 11.25 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

மாட்டியதும் கன்சோலே ஃபார்மட் செய்து, வேகத்தை அளந்து திரையில் காட்டும். அந்த எண் 5,500-க்கு வெகுவாகக் கீழே இருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.