ஏறுகிற ஆப்பு ஏன் கீழே உடைகிறது?

மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி வாங்க வந்தவர், கைபேசியில் கொழும்புப் பங்கு விலைகளையும் பார்த்துக்கொண்டே போகிற காலம் இது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் மேல்நோக்கிச் சாய்ந்தபடி ஒன்றையொன்று நெருங்கினால், 'விலை ஏறுகிறதுதானே, வாங்கலாம்' என்று கை துடிக்கும். ஏறும் ஆப்பு ஏமாற்றுகிற இடம் அதுதான்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். அதன் தாழ்வுகள் 88, 94, 100, 106 ரூபாய். உச்சங்கள் 100, 104, 108. அடிக்கோடு ஒவ்வொரு சுற்றிலும் 6 ரூபாய் ஏற, மேல்கோடு 4 ரூபாய்தான் ஏறுகிறது. முதல் எழுச்சி 12 ரூபாய், அடுத்தது 10, பிறகு 8. வாங்குபவர்கள் இன்னும் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் விலையை முன்னைவிடக் குறைவான தூரமே தள்ளுகிறார்கள்.

அடுத்த உச்சம் 112ஐத் தொட வேண்டும். விலையோ 110இல் திரும்பி 107இல் முடிகிறது. அந்த நேரத்தில் அடிக்கோடு ஏற்கெனவே 109க்கு வந்துவிட்டது. ஆப்பு கீழே உடைந்தது. கவனியுங்கள், விலை முந்தைய தாழ்வான 106ஐக்கூடத் தொடவில்லை! கோடு செங்குத்தாக ஏறுவதால், விலை சற்றே களைத்து நின்றாலும் உடைப்பு நேர்ந்துவிடும். அதனால் உடைப்பு வேறு, வீழ்ச்சி வேறு. 106உம் பிறகு 100உம் போனால்தான் விற்பனை அழுத்தம் உறுதியாகிறது. அப்போது ஆப்பு தொடங்கிய 88ஐப் பலர் இலக்காக வைப்பார்கள். விலை 110ஐத் திரும்பக் கடந்தால் அந்தக் கணக்கையே கைவிட வேண்டும்.

இறங்கும் ஆப்பு இதன் மறுபக்கம். மேல்கோடு வேகமாகச் சரிய, விலை சும்மா நின்றாலே அதை மேலே கடந்துவிடும். அதை மீட்சி என்று நம்பி வாங்கியவர் மாதக்கணக்கில் பக்கவாட்டில் அலைய நேரலாம். மேலே போகும் உடைப்பில் கைமாறும் பங்குகளின் அளவு பெருகியதா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

கொழும்பில் இன்னொரு சிக்கல். ஒரு நாளில் சில நூறு பங்குகளே கைமாறும் நிறுவனங்களில், ஒரே ஒருவரின் கட்டளை உச்சம் ஒன்றை உண்டாக்கிவிடும். அப்படிப்பட்ட புள்ளிகளை இணைத்த கோட்டில் கூட்டத்தின் மனநிலை எதுவும் இல்லை.

செய்தியின் வேகமும் கோடுகளை மதிப்பதில்லை. 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டிய அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திய அந்த ஏப்ரலில் 8,000க்குக் கீழே இறங்கியது. இடையே ஏப்ரல் 18 முதல் ஐந்து நாள் சந்தையே மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்ததும் விற்பனை குவிந்து, வணிகம் இடையில் நிறுத்தப்பட்டது. மூடிய நாட்களுக்கு ஊடாக இழுத்த கோடு எந்த விலையில் சந்தித்தாலும், அந்த விலையில் வாங்கவும் விற்கவும் ஆள் இருந்ததில்லை.