சாதம் எப்போது வடித்தது?

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். சென்னையில் ஜூன் வெயில் இன்னும் தணியவில்லை. திங்கட்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, ஏழாவது படிக்கும் என் மகன் வகுப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டான் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று முறை எடுத்திருந்தான். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. வெறும் வாந்தி, சோர்ந்துபோன முகம்.

அன்று அவனுக்குக் கொடுத்து அனுப்பியது முட்டை ஃப்ரைடு ரைஸ். "முட்டைதான் சேரலைன்னு நினைக்கிறேன் டாக்டர்" என்றேன். அவர் முட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. "சாதம் எப்பம்மா வடிச்சது?" என்று கேட்டார்.

முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு வைத்த சாதம். சாப்பிட்டது போக மிச்சம் குக்கரிலேயே, மூடியோடு, அடுப்பு மேடையில் இருந்தது. காலை ஆறு மணிக்குத் திறந்து பார்த்தேன். ஊசல் வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை, பருக்கை பருக்கையாக அழகாக இருந்தது. ஃப்ரைடு ரைஸுக்குப் பழைய சாதம்தான் ஒட்டாமல் வரும் என்பதால் அதையே எடுத்து, எண்ணெய் புகைய வாணலியில் போட்டு நன்றாக வதக்கினேன். அவ்வளவு சூட்டுக்குப் பிறகு எந்தக் கிருமி பிழைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

கிருமி பிழைக்கவில்லை. அது விட்டுப்போன நஞ்சு பிழைத்தது.

அரிசியோடு மண்ணிலிருந்தே வரும் ஒரு பாக்டீரியாவின் பெயர் பேசிலஸ் சீரியஸ். வயலில் இருக்கும், களத்தில் இருக்கும், நாம் வாங்கும் மூட்டையிலும் இருக்கும். எத்தனை முறை களைந்தாலும் முழுதாகப் போகாது. வறட்சியிலும் சூட்டிலும் தாக்குப்பிடிக்க அது தன்னைக் கெட்டியான ஓட்டுக்குள் பூட்டிக்கொண்டு வித்தாக உறங்கும். சாதம் கொதிக்கும்போது மற்ற கிருமிகள் சாகும். இந்த வித்துகளில் பல சாகாது. கொதிக்கும் சூடே அவற்றைத் தட்டி எழுப்பிவிடுவதும் உண்டு. சாதம் ஆறி வெதுவெதுப்பாகும்போது அவை முளைத்து, ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த அந்த இடத்தில் பெருகத் தொடங்கும். பெருகும்போது செரியுலைடு என்ற நஞ்சை உண்டாக்கும். அதை 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நம் பிரஷர் குக்கர் எட்டும் உச்சச் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். வாணலியில் ஐந்து நிமிடம் வதக்கினால் அதற்கு என்ன ஆகிவிடும்? அதற்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். என் மகனுக்கு இரவே சரியாகிவிட்டது.

1971இல் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்களுக்கு இப்படித்தான் வாந்தி வந்தது. அங்கேயும் காரணம், வேகவைத்து வெளியிலேயே வைத்திருந்த சாதத்தை மறுபடி வறுத்துக் கொடுத்ததுதான். டாக்டர் கேட்ட கேள்வியின் அர்த்தம் இதுதான்: மதியச் சாப்பாட்டின் கடிகாரம் டிபன் பாக்ஸை மூடும்போது ஓடத் தொடங்குவதில்லை. சாதத்தின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய நிமிடத்திலிருந்து ஓடுகிறது. என் மகனின் சாதத்துக்கு அது முந்தைய இரவே ஓடத் தொடங்கியிருந்தது.

சரி, காலையில் புதிதாக வடித்த சாதம் என்றால் கவலை இல்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறரைக்கு வடித்து, ஏழேகாலுக்குச் சூடாகவே எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி மூடுகிறோம். எட்டு மணி வாக்கில் அது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு பைக்குள், புத்தகங்களுக்கு நடுவே, ஒரு மணி வரை அதே வெதுவெதுப்பு. ஐந்து மணி நேரம். இந்தச் சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை கிருமி இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரத்தில் பத்து முறை இரட்டிப்பாகும். அதாவது ஆயிரம் மடங்கு. ஒரு கிராம் சாதத்தில் நூறு இருந்தது ஒரு லட்சமாகும். உடம்புக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லை கிட்டத்தட்ட அந்த ஒரு லட்சம்தான். வித்து முளைக்கக் கொஞ்ச நேரம் எடுப்பதால் பெரும்பாலான நாட்களில் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் மயிரிழையில்தான் தப்பிக்கிறோம். ஆஸ்திரேலியாவில் இப்படி வெளியில் இருந்த சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2 மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கெடு.

"சூடா மூடாதேடி, வேர்த்துப்போகும்" என்று அம்மா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மூடியில் ஆவி பட்டுச் சொட்டும் நீர் சாதத்தை நசநசப்பாக்கும், சூடும் உள்ளேயே தேங்கி மெதுவாக இறங்கும். தாம்பாளத்தில் பரப்பிக் கால் மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு அடைத்தால் அது தவிர்க்கப்படும். மீதிப் பாதியை அம்மா சொல்வதில்லை. சென்னை வீட்டில் ஆறின சாதம் என்பது 32 டிகிரி சாதம். அதுவும் கிருமிக்கு இதமான சூடுதான். ஆற வைப்பது நேரம் வாங்கித் தரும், காவல் காக்காது.

காவல் காப்பது புளிப்பு. புளிப்பு ஓர் அளவைத் தாண்டினால் இந்த பாக்டீரியா பெருக முடியாது. நம் கட்டுசாதங்களின் கணக்கே இதுதான். புளியோதரையில் கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், உப்பு, தாராளமான நல்லெண்ணெய், குறைந்த ஈரம் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் புளிக்காய்ச்சல் எல்லாப் பருக்கையிலும் பட வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றுவிட்ட இடம் வெறும் சாதம்தான். எலுமிச்சை சாதத்தை நான் அந்த அளவுக்கு நம்புவதில்லை. பிள்ளைகள் வாய்க்கு ஏற்ப இரண்டு சொட்டுப் பிழிந்து மஞ்சள் நிறம் வந்தால் போதும் என்று விட்டால், அது நிறத்தில் மட்டும்தான் எலுமிச்சை சாதம். தக்காளி சாதமும் அப்படித்தான். தக்காளியின் புளிப்பு அவ்வளவு சாதத்தில் கரைந்து காணாமல் போகிறது.

தயிர் சாதம் தனிக் கதை. நிறைய பாலும் ஒரு கரண்டி தயிரும் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் புளிப்பேறிச் சரியாக இருக்கும் என்பது நம் வழக்கம். அந்த ஒரு கரண்டியில் உள்ள நல்ல பாக்டீரியா டப்பாவுக்குள்ளேயே பாலைத் தயிராக்கி, புளிப்பை ஏற்றி, மற்றதை அடக்குகிறது. இதில் ஓர் இடத்தில்தான் தவறு நடக்கும். சாதமும் பாலும் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே தயிரைச் சேர்த்தால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். அதற்குப் பிறகு டப்பாவில் இருப்பது வெதுவெதுப்பான பாலில் ஊறிய சாதம். அதைவிடக் கெட்டுப்போகத் தோதான உணவைத் தேடிப் பிடிக்க வேண்டும். விரல் விட்டால் சுடாமல் இதமாக இருக்கும் சூட்டுக்கு இறக்கிவிட்டுத்தான் தயிர் சேர்க்க வேண்டும். மதியம் திறக்கும்போது இறுகி, காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் புளித்திருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். பால் போலவே தித்திப்பாக இருந்தால் நடக்கவில்லை. வெள்ளரி, திராட்சை என்று நீர் விடுகிறவற்றைக் கலக்காமல் தனியாகக் கொடுப்பது நல்லது.

வேகமாகக் கெடுவதில் முதலிடம் தேங்காய்க்கு. ஈரம், கொழுப்பு, லேசான இனிப்பு, புளிப்பே இல்லை, அதோடு வேகாமல் அரைக்கிறோம். மிக்ஸி ஜாரின் பிளேடு இடுக்கில் நேற்றைய மிச்சம் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஜூன் மாதத்தில் காலை ஏழு மணிக்கு அரைத்த தேங்காய்ச் சட்னியைப் பகல் ஒரு மணிக்குச் சாப்பிடக் கொடுக்கவே கூடாது. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அனுப்புங்கள். புளித்த மாவில் வந்த இட்லி தானே நன்றாகத் தாங்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, அவியல், கடைசியில் தேங்காய் தூவிய பொரியல் எல்லாம் அதே வரிசையில்தான் வரும். அடுத்தது பருப்பு சேர்ந்த, புளி சேராத எதுவும். பிறகு உருளைக்கிழங்கு, கீரை, முட்டை, கறி, மீன். முட்டை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அவித்து ஓட்டோடு அனுப்பலாம், உரித்துக் கொடுத்தால் கைக் கிருமியும் கூடப் போகும். தர்பூசணியும் பப்பாளியும் நறுக்கினால் தேங்காய்க்கு அதிகம் பின்தங்காது.

கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் நஞ்சும் சூட்டுக்கு அசையாது, இதுவும் வாந்தியைத்தான் கொண்டுவரும். விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருக்கும் நாளில் சாதத்தைக் கையால் பிசைய வேண்டாம், கரண்டி போதும். டப்பா மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்த்துக் காய வைப்பதும் இதைச் சேர்ந்ததுதான்.

சாம்பார் சாதமோ பிரியாணியோதான் வேண்டுமென்றால் ஒரே வழி, சூட்டை இறங்கவே விடாமல் காப்பது. வெற்றிடச் சுவர் கொண்ட எவர்சில்வர் ஃப்ளாஸ்க் டப்பாவில் முதலில் கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அதைக் கொட்டிய கையோடு, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் உணவை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி டப்பா சீக்கிரம் ஆறும். மதியம் திறந்ததும் ஊதாமல் சாப்பிட முடியாத சூடு இருந்தால் சரி. எடுத்த எடுப்பில் வாயில் வைக்க முடிந்தால் அந்த டப்பா நம் வேளைக்குப் போதவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் ஹாட் பாக்ஸ்கள் பலவற்றின் குறை இதுதான். சூட்டைக் காப்பதற்குப் பதில் வெதுவெதுப்பைக் காக்கின்றன, கோழி அடைகாப்பது போல.

எங்கள் வீட்டில் இப்போது இரவு மிஞ்சும் சாதம் குக்கரில் தங்குவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாம்பாளத்தில் பரப்பி, ஆறியதும் தட்டையான டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. மறுநாள் அது காலைச் சாப்பாடு, மதியத்துக்குப் புதிதாக வடிக்கிறேன். முட்டை ஃப்ரைடு ரைஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது, வாணலியிலிருந்து நேரே தட்டுக்கு. நாலரை மணிக்குத் திரும்பி வரும் டப்பாவில் மிச்சம் இருந்தால், முன்பெல்லாம் வீணாக்க மனமில்லாமல் சுட வைத்து நானே சாப்பிட்டுவிடுவேன். இப்போது மூடியைத் திறந்து நேராகத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, மறுநாள் ஒரு கரண்டி குறைத்து வைக்கிறேன்.